பிரேக் மிதித்தும் வண்டி ஏன் உடனே நிற்பதில்லை? தொப்பூர் இறக்கம் சொல்லும் கணக்கு!

தருமபுரியில் இருந்து சேலம் செல்பவர்கள் தொப்பூர் கணவாயை மறக்க மாட்டார்கள். வளைந்து வளைந்து இறங்கும் அந்தச் சாலையில், 2020 டிசம்பரில் நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள் மீது லாரி ஒன்று அடுத்தடுத்து மோதி, நான்கு பேர் உயிரிழந்தனர். முன்னால் வண்டிகள் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், பிரேக் போட்ட இடத்திலேயே எந்த வண்டியும் நின்றுவிடாது. ஏன்?

வண்டி நிற்பதற்குள் இரண்டு தூரங்களைக் கடக்கிறது. ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போகும் வரை ஓடுவது முதல் தூரம். பிரேக் பிடித்த பிறகு, நிற்கும் வரை ஓடுவது இரண்டாவது தூரம்.

கவனமாக ஓட்டுபவருக்கும் முதல் தூரத்துக்கு ஒன்றரை விநாடி ஆகும் என வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ வேகத்தில் செல்லும் கார், அதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். சமதளமான காய்ந்த சாலையில், நல்ல பிரேக் விநாடிக்கு 25 கி.மீ அளவுக்கு வேகத்தைக் குறைக்கும். அதன்பின் 9 மீட்டரில் கார் நிற்கும். மொத்தம் 26 மீட்டர்.

இதுவே 60 கி.மீ என்றால் 25 மீட்டரும் 20 மீட்டரும் சேர்ந்து 45 மீட்டர். 80 கி.மீ என்றால் 33-ம் 36-ம் சேர்ந்து 69 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் முதல் தூரமும் இரண்டு மடங்காகும். ஆனால், பிரேக் தூரம் நான்கு மடங்காகிவிடும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். 40-ல் வந்த கார் 26-வது மீட்டரில் நின்றுவிட்டது. அதே இடத்தில், 60-ல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கில் கால் வைத்திருப்பார். கிட்டத்தட்ட முழு வேகத்திலேயே மோதுவார்.

இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவு, வண்டியின் வேகத்தை விநாடிக்குச் சுமார் 2 கி.மீ கூட்டப் பார்க்கும். நல்ல பிரேக்குக்கு இது பெரிய விஷயமல்ல. ஆனால், பாரம் ஏற்றிய லாரி பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். விநாடிக்கு 9 கி.மீ மட்டுமே குறைக்கும் நிலைக்கு வந்துவிட்டால், சரிவு எடுத்துக்கொள்வது போக மிஞ்சுவது 7 கி.மீதான். 60-ல் வரும் அந்த லாரி நிற்க 96 மீட்டர் தேவை. பிரேக்கின் பிடிப்பு 2 கி.மீ அளவுக்கு இறங்கிவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் லாரி நிற்காது.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது இதனால்தான் ஆபத்து. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாற்றிவிட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கும் அவசரத்துக்கு மிச்சமிருக்கும்.

கருகிய வாடை வந்தாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, உடனே பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.