கடைக்காரருக்குச் சம்பளம் எவ்வளவு?

இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்குமுன் கல்லாவை எண்ணிப் பார்த்தால் பதினேழாயிரம் ரூபாய் இருக்கிறது. அதில் ஆயிரத்தை வீட்டுச் செலவுக்கென்று சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார் மளிகைக் கடைக்காரர். பதினேழில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு கடையை மெல்ல மெல்லக் காலி செய்ய அந்த ஆயிரமே போதும். எப்படி என்று ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாத விற்பனை 5 லட்சம் ரூபாய். விற்ற சரக்கின் அடக்கவிலை என்ன? மாதத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு அந்த மாதக் கொள்முதலைக் கூட்டி, கடைசி நாள் இரவு மிஞ்சியிருக்கும் சரக்கைக் கழிக்க வேண்டும். நம் கடையில் அது 4,40,000. ஆக, மொத்த லாபம் 60,000. வாடகை 10,000, வேலையாள் சம்பளம் 12,000, மின்சாரம் 4,000, வண்டிக் கூலியும் கடன் வட்டியும் 4,000 என்று செலவு 30,000 போகிறது. மீதி 30,000.

இதில் வரி இருக்கிறது. கடை ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் பதிவாகியிருக்கிறது. வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதத்தைக் கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. மாதம் 3 லட்சத்துக்கு வரிக்குரிய சரக்கு விற்றால் 3,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுவதால் அதுவரை பணம் கல்லாவில் கலந்து கிடக்கும். நம் பணம் போலவே தெரியும். மாதாமாதம் வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் இந்த மயக்கம் வராது.

வருமான வரி? உத்தேச வருமான முறையில், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் வங்கி, யுபிஐ வழி வந்ததில் 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். ஆண்டு விற்பனை 60 லட்சம் என்றால் அதிகபட்சம் 4,80,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி, வேறு வருமானம் இல்லையென்றால் இதற்கு வரி வராது. ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். தனி உரிமையாளர் தனக்கு எடுத்துக்கொள்வதைச் சம்பளச் செலவாக எழுதி வரியைக் குறைக்க முடியாது. கணக்கில் அதற்குப் பெயர் எடுப்பு.

இப்போது மீதி 27,000. வங்கிக் கடனில் அசலுக்கு மாதம் 4,000 போகிறது. அசல் செலவுக் கணக்கில் வராது. ஆனால் பணம் கையைவிட்டுப் போகிறது. ஆக, வீட்டுக்கு எடுக்கக்கூடியது 23,000.

நம் கடைக்காரர் தினம் ஆயிரம் வீதம் 30,000 எடுக்கிறார். வீட்டுக்கு எண்ணெய், சர்க்கரை, சோப்பு என்று 3,000 ரூபாய்ச் சரக்கும் எழுதாமல் போகிறது. ஆக 33,000. மாதம் 10,000 ரூபாய் முதலிலிருந்து கரைகிறது. கடையில் 4 லட்ச ரூபாய்ச் சரக்கு இருந்தால் ஒரே ஆண்டில் அது 2,80,000 ஆகிவிடும். விற்பனை குறையாததால் முதலில் இது தெரியாது. பிறகு ஏஜென்சிக்காரருக்குத் தரவேண்டிய பில் ஒரு வாரம் தள்ளிப்போகும். ஐந்து பெட்டி வாங்கிய இடத்தில் இரண்டு வாங்குவார். அலமாரியில் பின்வரிசை காலியாகி, முன்வரிசை மட்டும் நிற்கும். கேட்ட பொருள் இல்லையென்று வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவது அதன் பிறகுதான்.

சரி, எவ்வளவு எடுக்கலாம்? 23,000 என்பது சராசரி. கடந்த பன்னிரண்டு மாதங்களில் மிக மந்தமான மாதத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். அது 18,000 என்றால், அதுவே உங்கள் மாதச் சம்பளம். வீட்டுக்குப் போகும் 3,000 ரூபாய்ச் சரக்கை வாங்கிய விலைக்கு எழுதி அதற்குள் அடக்குங்கள். மீதி 15,000 ரூபாயை ஐந்தாம் தேதி வீட்டுக் கணக்குக்கு அனுப்புங்கள். அதன் பிறகு கல்லாவில் கை வைக்கக் கூடாது.

நல்ல மாதங்களில் மிஞ்சுவது ஆண்டுக்கு 60,000 வரை சேரும். குளிர்பதனப் பெட்டி பழுதானாலும், தீபாவளிச் சரக்கை முன்கூட்டி வாங்கவும் அதில் பாதி கடையிலேயே இருக்கட்டும். மறுபாதி ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கடன் நோட்டில் நிற்கும் தொகையும் லாபத்தில் சேர்ந்திருக்கும். அது வசூலாகும்வரை அந்த அளவுக்குக் கூடுதலாக எடுக்கக் கூடாது.

மாதக் கடைசி இரவில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் சரக்கை எண்ணி எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் லாபம் தெரியாது; லாபம் தெரியாமல் எடுக்கும் பணம் யாருடையது என்றும் தெரியாது.