போனுக்கும் மானிட்டருக்கும் ஒரே தலைப்பு

ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைப் போனில் திறந்து, அதே பக்கத்தை அகலமான மானிட்டரிலும் திறந்து பாருங்கள். பல தளங்களில் இரண்டில் ஒன்று கெட்டிருக்கும். போனில் தலைப்பின் முதல் மூன்று சொற்களே திரையை நிரப்பிவிடும். நீளமான ஒரு சொல்லின் வால் ஓரத்துக்கு வெளியே போய், பக்கமே பக்கவாட்டில் நகரத் தொடங்கும். போனுக்குச் சரியாக இருந்தால், மானிட்டரில் அந்தத் தலைப்பு செய்தியின் எழுத்தோடு எழுத்தாகக் கரைந்து போயிருக்கும்.

அகலத்தைப் பற்றி ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் 1080 பிக்சல் என்று விற்கப்படும் போன், இணையப் பக்கத்திடம் பெரும்பாலும் 360 பிக்சல் என்றுதான் தன் அகலத்தைச் சொல்லும். திரையின் மூன்று நுண்புள்ளிகளை ஒரு பிக்சலாகக் கணக்கு வைப்பதால் இப்படி. இந்தக் கட்டுரையில் வரும் பிக்சல் எல்லாம் அந்தக் கணக்குதான். ஆகவே தலைப்பு ஒன்று 320 பிக்சல் அகலச் சிறிய போனிலிருந்து 1920 பிக்சல் மானிட்டர் வரை எங்கும் பொருந்தியாக வேண்டும்.

2010இல் ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர், திரைக்கு ஏற்ப மாறும் இணையப் பக்கம் என்ற முறையை எழுதி வைத்தார். அதிலிருந்து பல ஆண்டுகள் தலைப்பின் அளவை மீடியா குவெரி என்ற நிபந்தனைகளை வைத்துத்தான் மாற்றினார்கள். திரை 768 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் தலைப்பு 28 பிக்சல், அதற்கு மேல் 40, 1280ஐத் தாண்டினால் 52 என்று எழுதுவார்கள். இது படிக்கட்டு. 767 பிக்சல் அகல டேப்லட்டில் தலைப்பு போனுக்கான அளவிலேயே நிற்கும். ஒரே ஒரு பிக்சல் கூடியதும் 40க்குத் தாவும். படிகளுக்கு நடுவில் இருக்கும் திரைகளுக்கெல்லாம் கொஞ்சம் பொருந்தாத அளவுதான் கிடைக்கும். டேப்லட், மடக்கும் போன், பாதியாக ஒதுக்கி வைத்த பிரவுசர் விண்டோ என்று இடைப்பட்ட அகலங்கள் இன்று ஏராளம்.

படிக்கட்டை நீக்க `vw` என்ற அலகு இருந்தது. பிரவுசர் விண்டோவின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு `vw`. தலைப்புக்கு `4vw` என்று எழுதினால் விண்டோவோடு சேர்ந்து அதுவும் வளரும், சுருங்கும். ஆனால் 360 பிக்சல் போனில் அது 14.4 பிக்சல்; கீழே உள்ள செய்தியின் எழுத்தே வழக்கமாக 16 பிக்சல். 1920 மானிட்டரிலோ 76.8 பிக்சல். கீழேயும் எல்லை இல்லை, மேலேயும் எல்லை இல்லை.

அந்த எல்லைகளைத் தருவதுதான் `clamp`. 2019 டிசம்பரில் குரோமிலும், 2020 மார்ச், ஏப்ரலில் சஃபாரியிலும் ஃபயர்பாக்ஸிலும் இது வந்து சேர்ந்தது. மூன்று மதிப்புகளைக் கேட்கும்: குறைந்தபட்சம், விரும்பும் அளவு, அதிகபட்சம். நடுமதிப்பு இரண்டு எல்லைகளுக்குள் இருக்கும்வரை அதுவே பயன்படும். கீழே போனால் குறைந்தபட்சம், மேலே போனால் அதிகபட்சம்.

பலர் நடுமதிப்பைத்தான் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். அதைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். பள்ளியில் படித்த நேர்கோட்டுக் கணக்கு போதும். நாம் முடிவு செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு: மிகச் சிறிய திரையில் தலைப்பு எவ்வளவு, பெரிய திரையில் எவ்வளவு. 320 பிக்சலில் 28, 1280 பிக்சலில் 52 என்று வைத்துக்கொள்வோம். திரை 960 பிக்சல் கூடும்போது எழுத்து 24 பிக்சல் கூட வேண்டும். 24ஐ 960ஆல் வகுத்தால் 0.025, அதாவது அகலத்தில் நூற்றுக்கு இரண்டரை. எனவே `2.5vw`. 320 திரையில் `2.5vw` என்பது 8 பிக்சல். நமக்கு வேண்டியதோ 28. மீதி 20 பிக்சல் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். 16 பிக்சலை ஒரு `rem` என்று கொண்டால் அந்த 20 பிக்சல் `1.25rem`. எல்லைகளையும் `rem`இல் எழுதிவிட்டால் வேலை முடிந்தது:

```css
h1 {
  font-size: clamp(1.75rem, 1.25rem + 2.5vw, 3.25rem);
  line-height: 1.35;
}
```

இனி 360 பிக்சல் போனில் தலைப்பு 29 பிக்சல், 768 டேப்லட்டில் 39.2, 1024இல் 45.6. 1280இல் 52ஐத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். 1920 மானிட்டரிலும் அதே 52தான். ஒரு இடத்திலும் தாவல் இல்லை. இதை எழுதும்போது கூட்டல் குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒட்டி எழுதினால் பிரவுசர் அந்த வரியையே செல்லாது என்று தள்ளிவிட்டு, தலைப்பைத் தன் வழக்கமான அளவில் காட்டும். திரையை எவ்வளவு இழுத்தாலும் அளவு அசையவில்லை என்றால் முதலில் இந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

நடுமதிப்பில் ஏன் `rem` சேர வேண்டும், வெறும் `vw` போதாதா என்று கேட்கலாம். இந்த முறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அவசரத்தில் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். `rem` என்பது வாசகர் தன் பிரவுசரில் தேர்ந்தெடுத்த எழுத்தளவைப் பொறுத்தது. கண்பார்வை குறைந்த ஒருவர் அமைப்புகளில் போய் 16க்குப் பதில் 20 என்று வைத்திருந்தால், `rem` அவர் சொன்னபடி கூடும். `vw`வுக்கு அவர் சொன்னது காதில் விழாது. அது விண்டோவின் அகலத்தை மட்டுமே பார்க்கும்.

ஜூம் செய்யும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். கணினியில் 1280 பிக்சல் அகல விண்டோவை 200 சதவீதம் ஜூம் செய்தால், பக்கத்துக்குக் கிடைக்கும் அகலம் 640 பிக்சலாகச் சுருங்கிவிடும். `4vw` என்று மட்டும் எழுதிய தலைப்பு 51.2இலிருந்து 25.6 ஆகக் குறையும், அதைப் பிரவுசர் இரண்டு மடங்காக்கிக் காட்டும், திரும்பவும் 51.2. வாசகர் பொத்தானை அழுத்துகிறார், சுற்றியுள்ள எல்லாம் பெரிதாகிறது, தலைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நாம் எழுதிய சூத்திரத்தில் 640 அகலத்துக்கு 36 பிக்சல் வரும். இரண்டு மடங்கு 72. 52 இருந்தது 72 ஆகியிருக்கிறது. இது முழு இரண்டு மடங்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்பது இணைய அணுகல் விதிகளில் ஒன்று. நம் தலைப்பு அதில் தேறுமா? கணினியில் குரோமும் ஃபயர்பாக்ஸும் 500 சதவீதம் வரை ஜூம் செய்யும். அந்த நிலையில் எழுத்து எவ்வளவு குறைந்தாலும் குறைந்தபட்ச அளவான 28க்குக் கீழே போகாது. ஐந்து மடங்கு 140. தொடக்கத்தில் அதிகபட்சமாக இருந்த 52இன் இரண்டு மடங்கு 104. ஆகவே அவற்றில் தேறிவிடும். இதிலிருந்தே ஓர் எளிய வரம்பு கிடைக்கிறது: அதிகபட்ச அளவு குறைந்தபட்சத்தைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டக் கூடாது. 24 பிக்சலில் தொடங்கி 96 வரை போகும் தலைப்பு விளம்பரப் பக்கத்தில் கவர்ச்சியாகத் தெரியலாம். ஜூம் செய்து படிப்பவருக்கு அது உதவாது.

குறைந்தபட்ச அளவைத் தேர்வு செய்வதில் தமிழுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத் தளத்திலிருந்து எடுத்த எண்ணை அப்படியே போட்டால் அடிபடுவது இங்கேதான். நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும். 320 பிக்சல் போனில் இருபுறமும் 16 பிக்சல் விளிம்பு விட்டால் மிஞ்சுவது 288. தமிழ் எழுத்து ஒன்றின் சராசரி அகலத்தை எழுத்தளவுக்குச் சமம் என்று தோராயமாக வைத்தால், ‘நாடாளுமன்றத்தில்’ என்ற ஒன்பது எழுத்துச் சொல் 28 பிக்சலில் 252 பிக்சல் பிடிக்கும். அடங்கிவிடும். 40 பிக்சலில் 360 ஆகி வெளியே போகும். ‘அமைச்சர்களுக்கிடையேயான’ என்ற பதின்மூன்று எழுத்துச் சொல்லோ 28இலேயே 364 ஆகிறது.

இப்படிப்பட்ட சொல்லுக்காக எல்லாத் தலைப்புகளையும் 22 பிக்சலுக்கு இறக்குவது நியாயம் இல்லை. `overflow-wrap: break-word` என்று ஒரு வரி சேர்த்தால், அடங்காத சொல்லைப் பிரவுசர் ஓரத்தில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். அச்சில் நாமும் ஒட்டுக்கோடு இல்லாமல் சொல்லை உடைத்துப் பழகியவர்கள்தான். ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்ற அச்சுக்கோப்பு வழக்கம் இந்தக் கட்டளைக்குத் தெரியாது. ‘ச்’ என்றோ ‘க்’ என்றோ ஒரு வரி தொடங்கிவிடலாம். அதனால் மிக நீளமான சொல் வரும் தலைப்பில் உடைக்க வேண்டிய இடத்தை நாமே காட்டிவிடுவது நல்லது:

```html
அமைச்சர்களுக்<wbr>கிடையேயான
```

இடம் போதுமானால் இந்தக் குறி கண்ணுக்கே தெரியாது. போதாவிட்டால் சொல் அங்கே உடையும்.

மேலே `line-height: 1.35` என்று அலகில்லாமல் எழுதியதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத் தலைப்புகளுக்கு 1.1 வைப்பவர்கள் உண்டு. தமிழில் ‘தீ’யின் சுழி மேலே ஏறும், ‘ளு’வின் வால் கீழே இறங்கும், 1.1இல் இரண்டு வரிகளும் ஒன்றையொன்று உரசும். வரி உயரத்தை 48 பிக்சல் என்று நிலையாக எழுதினால் எழுத்து 52 ஆகும்போது மோதும், 28 ஆகும்போது வரிகள் விலகி நிற்கும். அலகில்லாத எண் எழுத்தோடு சேர்ந்தே மாறும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. `vw` பார்ப்பது விண்டோவின் அகலத்தை. தலைப்பு இருக்கும் பெட்டியின் அகலத்தை அல்ல. அகலமான மானிட்டரில் ஓரமாக ஒரு குறுகிய பத்தியில் இருக்கும் தலைப்புக்கும் அது பெரிய அளவையே கொடுக்கும். பெட்டியை அளக்கும் `cqi` என்ற அலகு 2023 தொடக்கத்திலிருந்து முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. ஓரப் பத்திகளுக்கு அதுதான் சரி. செய்தியின் உடல் எழுத்துக்கோ இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. அது 16க்கும் 18க்கும் நடுவில் இருந்தால் போதும்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தைக் கணினியில் திறந்து, கன்ட்ரோல் பொத்தானோடு கூட்டல் பொத்தானை 200 சதவீதம் வரும்வரை அழுத்துங்கள். செய்தி பெரிதாகித் தலைப்பு அப்படியே நின்றால், நடுமதிப்பில் `rem` இல்லை என்று பொருள். அந்த ஒரு வரியை இன்றே திருத்துங்கள்.