ஒரே சோதனை, இரண்டு பாடங்கள்

முதலாமாண்டு பொறியியல் மாணவர்களுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "சார், இதுக்கு எந்த மெத்தட் போடணும்?" வகையிடத் தெரியும், தொகையிடத் தெரியும், சூத்திரங்கள் மனப்பாடம். கணக்கைப் பார்த்ததும் அது எந்த இனம் என்று அடையாளம் காண்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதற்காக ஒரு தாளில் அட்டவணை போட்டுக்கொடுக்கிறேன். இடப்பக்கம் வகைக்கெழுச் சமன்பாடுகள், வலப்பக்கம் வெக்டர் கால்குலஸ். ஒவ்வொரு வரியிலும் அடையாளம் ஒன்று, தொடங்க வேண்டிய முதல் அடி ஒன்று.

வகைக்கெழுச் சமன்பாடு என்பது, ஒன்று ஒவ்வொரு இடத்திலும் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மாறுகிற அந்தப் பொருளையே கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கு. போன மாதம் ஒரு மாணவி கொண்டுவந்தது இது:

(2xy + 3) dx + (x² + 4y) dy = 0

முதலில் x-ஐ ஒரு பக்கமும் y-ஐ மறுபக்கமும் பிரிக்கப் பார்த்திருக்கிறாள். வரவில்லை. பிறகு y = vx என்று போட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதி, கடைசியில் குறுக்குக்கோடு இழுத்து அடித்திருக்கிறாள். அவள் போட்ட கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. அந்தக் கணக்குக்கு அந்த வழி கிடையாது, அவ்வளவுதான்.

அட்டவணையின் இடப்பக்கத்தில் கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. செலவு குறைந்த கேள்வி முதலில். x மட்டும் உள்ள ஒன்றும் y மட்டும் உள்ள ஒன்றும் பெருக்கலாகப் பிரிகிறதா? பிரிந்தால் உடனே தொகையிடலாம். இங்கே 2xy + 3 பிரியாது. அடுத்து, எல்லா உறுப்புக்கும் ஒரே படியா? அப்படியானால்தான் y = vx. இங்கே 2xy-க்குப் படி 2, தனியாக நிற்கும் 3-க்குப் படி 0. அந்த 3-ஐப் பார்த்த கணமே y = vx-ஐ மறந்துவிட வேண்டும். மூன்றாவது, y-யும் dy/dx-உம் முதல் படியில் மட்டும் வந்து, y பகுதியில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா? அப்படியென்றால் நேரியல், தொகையீட்டுக் காரணி போட்டால் முடிந்தது. இங்கே dy/dx எழுதினால் கீழே 4y வந்து உட்கார்ந்துகொள்கிறது. x-ஐச் சார்பாக எடுத்துத் திருப்பிப் போட்டாலும் x² இடிக்கிறது.

இந்த மூன்றையும் எழுதாமலே, கண்ணால் பார்த்தே முடித்துவிடலாம். நான்காவது கேள்விக்குத்தான் பேனா தேவை. dx-ஐ ஒட்டி நிற்பதை M என்றும், dy-ஐ ஒட்டி நிற்பதை N என்றும் வைத்துக்கொண்டு, M-ஐ y-ஆல் வகையிட வேண்டும், x-ஐ மாறிலியாக நினைத்துக்கொண்டு. N-ஐ x-ஆல் வகையிட வேண்டும், y-ஐ மாறிலியாக நினைத்துக்கொண்டு. இரண்டும் ஒன்றாக வந்தால் அது எக்ஸாக்ட் சமன்பாடு:

∂M/∂y = 2x,  ∂N/∂x = 2x

ஒன்றாகிவிட்டன. அப்படியென்றால் இந்தச் சமன்பாடு, ஏதோ ஒரு φ(x, y)-இன் மாற்றத்தை அப்படியே விரித்து எழுதியது. φ-யைத் திரும்பப் பிடிக்க, M-ஐ x-ஆல் தொகையிட்டால் x²y + 3x. பிறகு N-இல் x கலக்காத உறுப்பை மட்டும் எடுத்து y-ஆல் தொகையிட்டால் 2y². விடை:

x²y + 3x + 2y² = c

இங்கே வழக்கமாக விழும் பிழை ஒன்று உண்டு. N-ஐ முழுசாகத் தொகையிட்டு M-இன் விடையோடு கூட்டிவிடுவார்கள். x²y இரண்டு தரம் வந்து 2x²y ஆகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: விடையை x-ஆல் திரும்ப வகையிட்டுப் பார்த்தால் 2xy வரவேண்டிய இடத்தில் 4xy வரும்.

ஒரே சமன்பாடு இரண்டு மூன்று வரிகளிலும் பொருந்தலாம். y dx − x dy = 0 என்பதைப் பாருங்கள். மாறிகள் பிரியும், படியும் ஒன்று, நேரியலும்கூட. நான்காவது சோதனையில் மட்டும் தோற்கும்: ஒரு பக்கம் 1, மறுபக்கம் −1. ஆனால் முழுவதையும் x²-ஆல் வகுத்தால் அது −d(y/x) ஆகிவிடும், y = cx என்று விடை வந்துவிடும். அந்த 1/x² தான் இதன் தொகையீட்டுக் காரணி. இந்தச் சின்னச் சமன்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். (இரண்டாம் வரிசைச் சமன்பாடுகளுக்குத் தனித் தாள் போட்டிருக்கிறேன். அது வேறு கதை.)

இனி வலப்பக்கம். வெக்டர் கால்குலஸ் என்றதும் மாணவர்கள் புதுப் பாடம் என்று நினைத்து நோட்டில் புதுப் பக்கம் புரட்டுகிறார்கள். புரட்ட வேண்டாம், அதே கணக்கிலேயே இருங்கள் என்பேன். M, N இரண்டையும் ஒரு விசையின் கூறுகளாக எடுத்துக்கொள்வோம்:

F = (2xy + 3) i + (x² + 4y) j

ஆதியிலிருந்து (1, 2) என்ற புள்ளிக்குப் போனால் இந்த விசை எவ்வளவு வேலை செய்யும்? முதலில் x-அச்சோடு 1 வரை போய், அங்கிருந்து நேரே மேலே ஏறுவோம். முதல் பகுதியில் 3, இரண்டாவதில் 1 + 4y-ஐ 0-இலிருந்து 2 வரை தொகையிட்டால் 10. மொத்தம் 13. இப்போது y = 2x என்ற நேர்கோட்டில் குறுக்கே போவோம். 6x² + 16x + 3-ஐ 0-இலிருந்து 1 வரை தொகையிட்டால் 2 + 8 + 3, அதாவது 13. பாதை மாறியும் விடை மாறவில்லை. வகைக்கெழுச் சமன்பாட்டில் கண்டுபிடித்த φ-யில் x = 1, y = 2 போட்டுப் பாருங்கள்: 2 + 3 + 8. அதே 13.

வலப்பக்கத்தில் இதற்கான சோதனை "கர்ல் பூஜ்யமா?" என்பது. தளத்தில் கர்ல் என்பது ∂N/∂x − ∂M/∂y, வேறொன்றும் இல்லை. இடப்பக்கம் சமமா என்று கேட்ட அதே இரண்டை, இங்கே கழித்துப் பார்க்கிறோம். எக்ஸாக்ட் என்பதும், பாதையைச் சாராதது என்பதும் ஒரே செய்திக்கு இரண்டு பாடத்தில் வைத்த பெயர்கள். என் அட்டவணையில் இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.

சோதனை தோற்றால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டு பாடமும் பிரிகின்றன. இடப்பக்கத்தில் தோல்வியைச் சரிசெய்தாக வேண்டும், அதற்குக் காரணியைத் தேடுகிறோம். வலப்பக்கத்தில் அந்தத் தோல்வியின் அளவே விடையைக் கொடுக்கிறது. மூடிய வளைவைச் சுற்றி ஒரு கோட்டுத் தொகையீடு கேட்டால், உள்ளே இருக்கும் பரப்பு முழுவதும் அந்தக் கழித்தலைத் தொகையிட்டால் போதும். இதுதான் கிரீன் தேற்றம். −y dx + x dy-க்குக் கழித்தால் 2. ஆரம் 3 உள்ள வட்டத்தின் பரப்பு 9π, ஆகவே சுற்றி வந்தால் 18π. வட்டத்துக்குச் சமன்பாடு எழுதிக் கொஞ்சமும் மெனக்கெட வேண்டியதில்லை.

மற்ற தேற்றங்களுக்கு அடையாளம், கேள்வியில் எது மூடியிருக்கிறது என்பதுதான். மூடிய வளைவு தளத்தில் இருந்தால் கிரீன். வெளியில் வளைந்து கிடந்தால் ஸ்டோக்ஸ், கர்லை எடு. மூடிய பரப்பு என்றால் காஸ், டைவர்ஜென்ஸை எடு. காஸில் ஏமாற்றும் கேள்வி அரைக்கோளம். மேல்பரப்பு மட்டும் என்று கேட்டிருந்தால் அது மூடியதல்ல, கீழே திறந்திருக்கிறது. F = x i + y j + (z + 1) k, ஆரம் 1 என்று வைத்துக்கொள்வோம். டைவர்ஜென்ஸ் 3, கனஅளவு 2π/3, பெருக்கினால் 2π. அதையே விடை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்த 2π, அடியில் ஒரு வட்டமூடி போட்ட கிண்ணத்துக்கு உரியது. மூடியின் வழியாக வெளியே போவது −π. அதைக் கழித்தால்தான் கேட்ட பரப்பின் விடை, 3π.

ஸ்டோக்ஸ் தேற்றம் அச்சேறியதே ஒரு தேர்வுக் கேள்வியாகத்தான். 1854-இல் கேம்பிரிட்ஜில் ஸ்மித் பரிசுத் தேர்வுக்கு ஸ்டோக்ஸ் தயாரித்த தாளில் அதை நிறுவச் சொல்லிக் கேட்டிருந்தார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். பின்னால் மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தவர்.

அட்டவணையின் கடைசி வரிக்கு வருகிறேன். முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன y dx − x dy-க்கு 1/x² மட்டுமே காரணி அல்ல. 1/(x² + y²)-உம் காரணிதான். குறியை மாற்றி எழுதினால் கிடைப்பது:

(−y dx + x dy) / (x² + y²)

சோதித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் (y² − x²)/(x² + y²)² என்றே வரும். கர்ல் பூஜ்யம். அப்படியானால் மூடிய வட்டத்தைச் சுற்றிவந்தால் பூஜ்யம்தானே வரவேண்டும்? ஆரம் 1 உள்ள வட்டத்தில் x = cos t, y = sin t போட்டுச் சுற்றுங்கள். 2π வருகிறது.

"சார், சோதனை பாஸ் ஆச்சே!" என்று அந்த மாணவியே கேட்டாள். நல்ல கேள்வி. ஆதியில் பகுதி பூஜ்யமாகிவிடுகிறது, அங்கே இந்தச் சார்பே கிடையாது. வட்டத்துக்குள் ஒரே ஒரு துளை விழுந்திருக்கிறது, கிரீன் தேற்றமோ உள்ளே துளையில்லாத பரப்பைக் கேட்கிறது. இங்கே φ என்பது கோணம். ஆதியைச் சுற்றி ஒரு முறை வந்தால் கோணம் 2π ஏறிவிடும், கிளம்பிய மதிப்புக்குத் திரும்பாது. அதே வட்டத்தை நகர்த்தி (3, 0)-வை மையமாக வைத்துச் சுற்றினால் துளை வெளியே போய்விடுகிறது, விடை பூஜ்யமாகிறது. அதனால் கடைசி வரியில் எழுதியிருப்பது இது: கர்ல் பூஜ்யம் என்று எழுதும் முன் பகுதியைப் பார், அது பூஜ்யமாகும் புள்ளி உள்ளே இருக்கிறதா?

அந்த 2π வெறும் கணக்கு விநோதமும் இல்லை. நேராக நிற்கும் நீண்ட கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்துக்கு இதே வடிவம்தான். கம்பிக்கு வெளியே எந்த இடத்திலும் கர்ல் பூஜ்யம். ஆனால் கம்பியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் கிடைப்பது μ₀I, அதாவது உள்ளே ஓடும் மின்னோட்டத்தின் μ₀ மடங்கு. இதைச் சொன்னதும் அவள் நோட்டில் ஆதிப்புள்ளியைத் தடிப்பாகக் கறுத்து, பக்கத்தில் "கம்பி" என்று எழுதிக்கொண்டாள்.