நின்ற இடத்தில் ஓடிய ஒரு கிலோமீட்டர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகும் ஆலைகள் வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே, இவ்வாகனங்களைப் பரீட்சிப்பதற்கென்றே மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தின் கீழ் அமைந்த குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. வாகனப் புகையை அளக்கும் சோதனைக்கூடம் எதுவாயினும் அதில் நடக்கும் காரியம் வெளியாருக்குச் சற்று விசித்திரமாகவே தோன்றும். காரின் சக்கரங்களைச் சேசிஸ் டைனமோமீட்டர் என்ற யந்திரத்தின் உருளைகள் மேல் ஏற்றி, வண்டியைக் கட்டி நிறுத்திவிட்டு, ஓட்டுநர் எதிரே உள்ள திரையில் வரையப்பட்ட வேக ரேகையை அப்படியே பின்பற்றி முடுக்கியையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டிருப்பார். வண்டி ஓர் அங்குலமும் நகராது. ஆயினும் அது பல கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு எழுதப்படும். வெளிவந்த புகையின் எடையை அந்தக் கிலோமீட்டரால் வகுத்தே வண்டி சட்டத்துக்கு உட்பட்டதா அல்லவா என்று தீர்மானிக்கிறார்கள்.

நகராத வண்டி ஓடிய தூரம் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை அந்த ரேகைக்குள்ளேயே இருக்கிறது. காலத்தைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வைத்து ரேகை வரைந்தால், அதன் கீழே அடங்கும் பரப்புதான் தூரம். வேகம் மாறாதிருக்கும் இடத்தில் அப்பரப்பு வெறும் செவ்வகம்; வேகம் ஏறும் இடத்திலோ இறங்கும் இடத்திலோ, தொடக்க வேகம் ஒரு பக்கமும் முடிவு வேகம் மறுபக்கமுமாக நிற்க, மேற்புறம் சாய்ந்த ஒரு சரிவகம். இரு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கி, இடைப்பட்ட காலத்தால் பெருக்கினால் அந்தத் துண்டின் பரப்பு கிடைத்துவிடும். துண்டுகளையெல்லாம் கூட்டிவிட்டால் ஓடிய தூரம் முழுதும் கிடைக்கும். சரிவக விதி என்று நூல்கள் சொல்வது இதற்குமேல் ஒன்றுமில்லை.

இவ்விதி நேற்று வந்ததன்று. பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள பாபிலோனியக் களிமண் பலகைகள் சிலவற்றை ஆராய்ந்த மத்தியூ ஓஸென்ட்ரைவர் என்னும் அறிஞர், கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி நூற்றாண்டுகளிலேயே வியாழ கிரகத்தின் சஞ்சாரத்தை அளக்க இதே யுக்தி கையாளப்பட்டதென்று 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதல் நாளில் வியாழன் 12 கலை நகர்கிறது. 60 நாட்களுக்குப்பின் அதன் தினசரி நகர்வு ஒன்பதரைக் கலையாகக் குறைகிறது. இரண்டின் பாதிக்கூட்டான பத்தே முக்காலை அறுபதால் பெருக்கினால் 645 கலை, அதாவது பத்தே முக்கால் பாகை. பாபிலோனியர் வியாழனுக்குச் செய்த அதே கணக்கைத்தான் ஒரகடத்தில் காருக்குச் செய்கிறோம்.

நம் நாட்டுக் கார்களுக்கு விதிக்கப்பட்ட திருத்திய இந்திய ஓட்டச் சுழற்சி மொத்தம் 1180 விநாடி நீளமுள்ளது. ஐரோப்பியர் வகுத்த சுழற்சியிலிருந்து பிறந்த இதில், அவர்களுடைய 120 கிலோமீட்டர் உச்ச வேகம் நம் சாலைகளுக்கேற்ப 90 ஆகக் குறைக்கப்பட்டது. முதற்பாகம் நகர ஓட்டம்: 195 விநாடி கொண்ட ஒரு சிறு சுழற்சியை நான்கு முறை திரும்பச் செய்வது. அந்த ஒரு சுழற்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று மேடுகள் உண்டு. முதல் மேட்டில் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வரை எழுந்து விரைவிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவதில் 32 வரை ஏறி 24 விநாடி அங்கேயே நிலைக்கிறது. மூன்றாவதில் 50 வரை ஏறி, 35-க்கு இறங்கிச் சற்று ஓடி, பின் நிற்கிறது. மேடுகளுக்கு முன்னும் பின்னும் இடையிலும் வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் காலம் மொத்தம் 60 விநாடி.

ரேகை வளையும் ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரி வீதம், கணினித் தாளின் முதற்பத்தியில் விநாடியையும் இரண்டாம் பத்தியில் வேகத்தையும் எழுதினால் 26 வரிகள் வரும். இரண்டாம் மேட்டின் வரிகள் மட்டும் இங்கே:

```
A (s)   B (km/h)
49       0
54      15
56      15
61      32
85      32
93      10
96       0
```

முதல் வரி தலைப்பென்று கொண்டால் எண்கள் இரண்டாம் வரியில் தொடங்கி இருபத்தேழாம் வரியில் முடியும். மூன்றாவது பத்தி ஒன்று வைத்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே காணலாம். விடை மட்டும் போதுமென்பவர்க்கு ஒரே சூத்திரம் போதும்:

```
=SUMPRODUCT(A3:A27-A2:A26,(B3:B27+B2:B26)/2)/3.6
```

புள்ளிகள் 26 என்றால் துண்டுகள் 25 என்பதால், மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்று தள்ளி நிற்பதைக் கவனிக்க வேண்டும். மணிக்குக் கிலோமீட்டர் என்பதை விநாடிக்கு மீட்டராக்கவே 3.6-ஆல் வகுக்கிறோம். காலத்தை 00:00:54 என்று கடிகார உருவில் எழுதியிருந்தால் கணினி அதனை ஒரு நாளின் பின்னமாகவே வைத்திருக்கும், அப்போது 3.6-ஆல் வகுப்பதை விட்டு 24-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும்.

விடை 1014.6 மீட்டர். முதல் மேட்டுக்கு 52.8, இரண்டாவதற்கு 315.6, மூன்றாவதற்கு 646.2. ஐரோப்பிய விதிநூல் இச்சுழற்சிக்குத் தரும் தூரம் 1.013 கிலோமீட்டர். எஞ்சிய வித்தியாசத்தின் பெரும்பகுதி, மூன்றாம் மேட்டின் இறக்கத்தில் கியர் மாற்றும் இரண்டு விநாடிகளில் ஒளிந்திருக்கிறது. அதற்கு முன் வேகம் 35, பின் 32 என்று அட்டவணை கூறுகிறதேயன்றி இடையில் நடப்பதைக் கூறுவதில்லை. நான் அங்கே ஒரு நேர்கோடு இழுத்துக்கொண்டேன். இரண்டு விநாடியும் 32 என்றே வைத்தால் 1013.7 வரும்.

இதே இரு பத்திகளை வைத்துக்கொண்டு தவறு செய்யும் வழிகளில் மிகச் சாதாரணமானது, வேகப் பத்தியின் சராசரியைக் கண்டு மொத்தக் காலத்தால் பெருக்கிவிடுவது. இங்கே அச்சராசரி 17.5, தூரம் 950 மீட்டர் என்று வரும், அறுபது மீட்டருக்கு மேல் குறைவு. இரண்டு விநாடி நீடித்த 15 கிலோமீட்டருக்கும் 24 விநாடி நீடித்த 32 கிலோமீட்டருக்கும் ஒரே மதிப்பை அது கொடுத்துவிடுகிறது. அளவுகள் சமமான கால இடைவெளியில் எடுக்கப்பட்டிருந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால்தான் இது பழக்கமாகிவிடுகிறது.

இன்னொன்று, ஒரே எண் இருமுறை வருவதைக் கண்டு, வீண் என்றெண்ணி ஒரு வரியை நீக்கிவிடுவது. மேலே கண்ட அட்டவணையில் 85-ஆம் விநாடியின் 32-ஐ எடுத்துவிட்டால், 61-ஆம் விநாடியிலிருந்தே வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்ததாகச் சரிவகம் எண்ணிக்கொள்ளும். 73 மீட்டர் மறைந்துபோகும். 49-ஆம் விநாடியின் பூஜ்யத்தை எடுத்தாலோ, நின்றிருந்த வண்டி 28-ஆம் விநாடியிலிருந்தே ஊர்ந்ததாகி, ஓடாத 44 மீட்டர் கணக்கில் ஏறும். சரிவகத்துக்குத் தெரிந்ததெல்லாம் இரு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு இழுப்பது ஒன்றே.

ஆனால் என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் வஞ்சகமானது, பார்வைக்குச் சரியாகவே தோன்றும் விடைதான். இதே சுழற்சியை, முனைகளைப் பற்றிக் கவலைப்படாமல், 30 விநாடிக்கு ஒருமுறை மட்டும் குறித்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கணக்கு 1043 மீட்டர் என்று வரும்; மூன்று சதவீதத்துக்கும் குறைவான பிழை; பலர் திருப்தியடைந்து எழுந்துவிடுவார்கள். துண்டுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். முதல் மேடு 11-ஆம் விநாடியில் எழுந்து 28-இல் அடங்கிவிடுவதால், பூஜ்யத்திலும் முப்பதிலும் குறித்தவர் கண்ணில் அது படவேயில்லை, 52.8 மீட்டர் அடியோடு காணாமற்போயிற்று. அதற்கு மாறாக, இரண்டாம் மேட்டின் இருபுறமும் வண்டி நின்றிருந்த காலத்தின் மேல் சாய்கோடுகள் படர்ந்து, இல்லாத தூரத்தைக் கொண்டுவந்து சேர்த்தன. ஒரு பிழையை மற்றொன்று மூடி மறைத்ததால் கூட்டுத்தொகை யோக்கியமாகத் தோன்றுகிறது. ஆகையால் மூன்றாவது பத்தியை அலட்சியம் செய்யாமல், மேடு மேடாகத் தனிக் கூட்டல் வைத்துப் பார்ப்பது நல்லது. எந்த மேட்டிலாவது ஏற்றத்துக்குள்ளும் இறக்கத்துக்குள்ளும் சில புள்ளிகளாவது விழாவிட்டால், இடைவெளி பெரிதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

இதுவரை கூறியது விதிநூலின் ரேகையைப் பற்றியது; அது நேர்கோடுகளால் ஆனதால் முனைகள் கிடைத்தாலே கணக்கு பூரணமாகிவிடுகிறது. ஓட்டுநர் உண்மையில் ஓட்டிய ரேகையோ விநாடிதோறும் மேலும் கீழுமாக நடுங்கும். விதி அவருக்கு இருபுறமும் 2 கிலோமீட்டர் வரை தளர்வு தருகிறது. மேலும் கீழுமாகச் சமமாக அசையும் அந்த நடுக்கம் கூட்டலில் பெரும்பாலும் அழிந்துவிடும். புறப்படும்போது முதலில் வேகமாக எழுந்து பின் தளர்ந்து ஏறும் வண்டியின் ரேகை மேல்நோக்கிக் குவிந்திருப்பதால், சரிவகம் அங்கே சிறிது குறைத்தே மதிப்பிடும். விநாடிக்கு ஒரு புள்ளி இருக்கும்போது அது பொருட்படுத்தத் தக்கதன்று.

அழியாதது ஒருபக்கமாகவே சாயும் பிழை. வேகமானி எப்போதும் அரைக் கிலோமீட்டர் அதிகமாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் புள்ளிகள் எடுத்தாலும் அது குறையாது. 195 விநாடியில் 27 மீட்டர் கூடுதலாகச் சேர்ந்துவிடும். உருளையின் சுழற்சிகளை எண்ணித் தூரத்தை நேரே அறியும் வசதி சோதனைக்கூடத்தில் உண்டு. கையில் இரண்டு பத்திகள் மட்டும் உள்ளவர், வண்டி நின்றிருந்த அந்த 60 விநாடிகளின் பரப்பைத் தனியே கூட்டிப் பார்க்கலாம். அங்கே பூஜ்யம் வரவேண்டும். 8.33 மீட்டர் வந்தால், 60 விநாடியால் வகுத்து 3.6-ஆல் பெருக்க, அரைக் கிலோமீட்டர் கோளாறு அப்படியே வெளிப்பட்டுவிடும். அதை வேகப் பத்தியின் எல்லா வரிகளிலிருந்தும் கழித்துவிட்டுச் சூத்திரத்தை மீண்டும் ஓட்டலாம். கழிக்காமல் விட்டால், தூரம் வகுக்கும் எண்ணாக நிற்பதால், கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று அறிக்கையில் ஏறும் புகை, உண்மையைவிட ஏறக்குறைய இரண்டரைச் சதவீதம் குறைவாகக் காணும்.