மேலாளர் போட்ட கணக்கில் பிழை: எப்படிச் சொல்வது?

அலுவலகத்தில் பலர் சேர்ந்து திறக்கும் கணக்குத் தாளில் மேலாளர் ஒரு பிழை செய்திருந்தால், அது முதலில் வெளிவருவது பெரும்பாலும் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான். அங்கே எழுதப்படுவதை அப்படியே தாளின் ஓரத்தில் கருத்தாகப் பதிய முடியாது. மேலாளரும் அவருக்கு மேலே இருப்பவர்களும் அதைப் படிப்பார்கள். அதற்காகச் சொல்ல வேண்டியதை மழுப்பவும் கூடாது. குழுவில் போட்ட வரியைத் தாளுக்கு ஏற்றபடி திருத்தி எழுதுவது எப்படி என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

வங்கிக் கடனுக்காக ஒரு நிறுவனம் ஆண்டு விற்பனைக் கணக்கை கூகுள் ஷீட்ஸில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஏப்ரல் முதல் மார்ச் வரையான தொகைகள் B2 முதல் B13 வரை, லட்ச ரூபாயில் உள்ளன. B14-ல் மொத்தம். அந்தக் கட்டத்தில் மேலாளர் எழுதியிருப்பது இது:

```
=SUM(B2:B12)
```

விடை 44.0 என்று வருகிறது. B13-ல் இருக்கும் மார்ச் மாதத்து 5.2 லட்சம் கூட்டலில் சேரவில்லை. சேர்த்தால் 49.2. இதைப் பார்த்தவர்கள் குழுவில் எழுதியவை மூன்று வரிகள்: “சார் டோட்டல் தப்பு.” “மார்ச்சை விட்டுட்டீங்க, சரியா பாத்தீங்களா?” “போன மாசமும் இதே கதைதான்.”

திருத்தி எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது சரிபார்ப்பு. B2 முதல் B13 வரை தேர்ந்தெடுத்தால் திரையின் வலது கீழ் மூலையில் அவற்றின் கூட்டுத்தொகை தெரியும். சூத்திரத்தை நம்பாமலே 49.2 என்று உறுதி செய்துகொள்ளலாம். அடுத்து, அந்தக் கட்டத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி Show edit history என்பதைத் திறந்தால், அதில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரும். இந்தக் கணக்கில் மேலாளர் சூத்திரம் எழுதியபோது பிப்ரவரி வரைதான் தாளில் இருந்தது. மார்ச் வரிசையைப் பின்னால் வேறொருவர் செருகியிருக்கிறார். சூத்திரம் கூட்டும் எல்லைக்கு வெளியே, கடைசி வரிசைக்குக் கீழே புதிய வரிசை செருகப்பட்டால், எல்லை தானாக நீளும் என்று நம்ப முடியாது. இத்தகைய தாள்களில் கடைசி மாதம் விடுபடுவதற்கு இது வழக்கமான காரணம்.

ஆகவே “விட்டுட்டீங்க” என்ற சொல் மரியாதைக் குறைவு மட்டுமல்ல, உண்மையும் இல்லை. கடுமையான வரிகள் பலவற்றில் இருக்கும் குறை இதுதான்: கட்டத்தில் தெரியாத ஒன்றை, அதாவது எதிரில் இருப்பவரின் கவனக்குறைவை, தெரிந்ததுபோல் சொல்லிவிடுகின்றன. பணிவாக எழுதுவதில் பெரும்பங்கு, தெரியாததை நீக்கித் தெரிந்ததை மட்டும் நிறுத்துவதுதான்.

தமிழ் வினைச்சொல் இதற்கு வசதி தருகிறது. “நீங்கள் விட்டுவிட்டீர்கள்” என்றால் ஆள் முன்னால் வருகிறார். “மார்ச் விடுபட்டிருக்கிறது” என்றால் மார்ச் மட்டும்தான் முன்னால் வருகிறது. மாற்றினீர்கள், மாறியிருக்கிறது, குறைத்துவிட்டீர்கள், குறைகிறது என்று பல வினைகளுக்கு இப்படி இரண்டு வழி உண்டு. “சரியா பாத்தீங்களா?” என்பது கேள்வி வடிவில் இருந்தாலும் விடை தேடும் கேள்வி அல்ல, குற்றச்சாட்டு, அதை எடுத்துவிட வேண்டும். “போன மாசமும்” என்பதற்கு இந்தத் தாளில் வேலையே இல்லை. ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

திருத்திய பிறகு B14-ல் பதியும் கருத்து இப்படி நிற்கும்: “சார், மொத்தம் 44.0 என்று வருகிறது. சூத்திரம் B12 வரை இருப்பதால் மார்ச் 5.2 சேரவில்லை. B13 வரை எடுத்தால் 49.2 வருகிறது. மார்ச் கணக்கு இன்னும் முடியாததால் சேர்க்காமல் வைத்திருக்கிறீர்களா, அல்லது மாற்றிவிடலாமா?”

கடைசி வாக்கியம் வெறும் உபசாரம் அல்ல. தணிக்கை முடியாத மாதத்தை ஒரு மேலாளர் வேண்டுமென்றே ஒதுக்கி வைப்பது நடக்கக்கூடியதுதான். அப்படியொரு வாய்ப்பு உண்மையில் இருக்கும்போது மட்டுமே அதைக் கேட்க வேண்டும். இரண்டையும் மூன்றையும் கூட்டி ஆறு என்று எழுதியிருக்கும் இடத்தில் “வேறு காரணம் ஏதும் உண்டா?” என்று கேட்டால் அது கேலியாகிவிடும். “தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்று தொடங்குவதும் வேண்டாம். தவறாக எடுத்துக்கொள்ள ஏதோ வருகிறது என்று அதுவே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. “சின்ன விஷயம்தான்” என்பதும் பொய். வங்கிக்குப் போகும் தாளில் 5.2 லட்சம் சின்ன விஷயம் இல்லை.

பேச்சில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிக் காக்கிறார்கள் என்பதை பெனிலோபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் விரிவாக ஆராய்ந்தார்கள். 1978-ல் வெளிவந்து 1987-ல் தனி நூலான அந்த ஆய்வு ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ் ஆகிய மூன்று மொழிகளை ஒப்பிட்டது. தமிழ்ப் பகுதி கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. பேசுபவர்களுக்கு இடையே உள்ள தூரம், அதிகார வேறுபாடு, சொல்லப்படும் விஷயத்தின் கனம் ஆகிய மூன்றும் கூடக் கூடப் பேச்சு சுற்றி வளைத்து வரும் என்பது அவர்கள் கண்டது. நெருக்கம் கூடினால் பேச்சு நேராகிறது. அவசரம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் ஒதுங்கி, நேரடியாகவே பேசுவார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

அந்த அவசரத்தில்கூடப் பேச்சு நேராகாமல் போவதுண்டு. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி பொழியும்போது ஏர் புளோரிடா விமானம் புறப்பட ஓடியது. கருவி காட்டும் அளவு சரியில்லை என்று துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னார். “நிறுத்துங்கள்” என்று சொல்லவில்லை. தலைமை விமானி பொருட்படுத்தவில்லை. விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தார்கள். கணக்குத் தாளில் உயிர் போகாது. ஆனால் “சார், டோட்டலை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமோ” என்று எழுதினால் மேலாளர் மேலோட்டமாகப் பார்த்து “சரியாத்தான் இருக்கு” என்று பதில் போடுவார், தாள் அப்படியே போகும். கருத்தில் கட்டத்தின் எண், இருக்கும் தொகை, வர வேண்டிய தொகை மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தால் மழுப்பல் தெரிந்துவிடும். மரியாதைச் சொற்களைக் குறைத்தாலும் கூட்டினாலும் இந்த மூன்றும் அசையக் கூடாது.

எங்கே சொல்வது என்பதும் முக்கியம். தாளில் வங்கி அதிகாரியும் சேர்க்கப்பட்டிருந்தால் கருத்து அவர் கண்ணிலும் படும். அங்கே முதலில் தொலைபேசிதான். அரை மணி நேரத்தில் தாள் போகப்போகிறது என்றாலும் அப்படியே. கருத்தில் @ போட்டு மேலாளரின் முகவரியைச் சேர்த்தால் அவருக்கு மின்னஞ்சல் போகும். பிறகு கருத்தை அழித்தாலும் போன மின்னஞ்சலைத் திரும்ப எடுக்க முடியாது. யாருக்கும் சொல்லாமல் சூத்திரத்தைத் தானே மாற்றிவிடுவது பணிவுபோல் தோன்றும். ஆனால் 44.0 என்ற எண்ணை மேலாளர் ஏற்கெனவே வேறு கடிதத்தில் எழுதியிருந்தால், இரண்டு ஆவணங்களும் முரண்படும். அது அவருக்குத் தெரியவும் வராது.

மேலாளர் திருத்தியதும் “49.2 வருகிறது, நன்றி சார்” என்ற ஒரு வரி போதும். கருத்தை முடித்து வைப்பதை அவரிடமே விட்டுவிடலாம். முடித்து வைத்த கருத்து திரையிலிருந்து மறையுமே தவிர அழியாது. தாளின் கருத்துப் பட்டியலைத் திறப்பவர் பிறகும் அதைப் படிக்கலாம்.