ஒளியின் முழு விவரம், நான்கே அளவீடுகளில்

மேசை மேல் இரண்டு ஒளிக்கற்றைகள் விழுகின்றன. நிறம் ஒன்று, பிரகாசமும் ஒன்று. குளிர்க்கண்ணாடிகளில் இருக்குமே, அந்தப் போலராய்டு தகடு ஒன்றை முதல் கற்றையின் குறுக்கே வைத்துச் சுழற்றிப் பார்க்கிறோம். பாதி ஒளி கடக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அளவு மாறவில்லை. இரண்டாவது கற்றையிலும் அதே கதைதான். ஆனால் முதலாவது சாதாரண பல்பின் ஒழுங்கற்ற ஒளி. இரண்டாவதோ ஒவ்வொரு கணமும் ஒழுங்காகச் சுழன்றுகொண்டு வரும் ஒளி. இந்த வேறுபாட்டைப் பிடிக்க ஒரு போலராய்டு போதாது. என்னென்ன அளந்தால் போதும் என்ற கேள்விக்கு 1852இல் விடை சொன்னவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

ஒளி ஒரு மின்காந்த அலை. அதன் மின்புலம், ஒளி செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. அந்த அதிர்வு ஒரே கோட்டில் நடந்தால் நேர்கோட்டுத் தளவிளைவு. மின்புலத்தின் முனை வட்டமாகச் சுற்றி வந்தால் வட்டத் தளவிளைவு. அது வலஞ்சுழியாகவும் இருக்கலாம், இடஞ்சுழியாகவும் இருக்கலாம். இயற்கையில் கிடைக்கும் ஒளி பெரும்பாலும் இப்படித் தூய்மையாக இருப்பதில்லை. நீல வானத்தின் ஒளி, குளத்து நீரில் பட்டு வரும் பளபளப்பு ஆகியவற்றில் ஒரு பகுதி ஒழுங்கான அதிர்வு, மீதி ஒழுங்கற்றது. இதைத்தான் பகுதித் தளவிளைவு என்கிறோம்.

பச்சை ஒளியின் மின்புலம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்தரை கோடி கோடி முறை அதிர்கிறது. கண்ணோ கேமராவோ அந்த வேகத்தைப் பின்தொடர முடியாது. அவற்றுக்குத் தெரிவது சராசரியாக வந்து சேரும் ஆற்றல், அதாவது செறிவு மட்டுமே. ஆகவே அதிர்வின் வடிவத்தை விட்டுவிட்டு, அளக்கக்கூடிய செறிவுகளை வைத்தே ஒளியை விவரிக்கலாம் என்று ஸ்டோக்ஸ் முடிவு செய்தார்.

அதற்கு நான்கு வடிகட்டிகள் வேண்டும். முதலாவது, எந்த ஒளி வந்தாலும் சரிபாதியை விடும் சாதாரண மங்கல் கண்ணாடி. இரண்டாவது, கிடைமட்ட அதிர்வை மட்டும் விடும் போலராய்டு. மூன்றாவது, அதே போலராய்டை 45 பாகை சாய்த்து வைத்தது. நான்காவது, வலஞ்சுழி ஒளியை மட்டும் விடும் வட்ட வடிகட்டி. ஒரு கால் அலைத் தகட்டையும் அதன் பின்னால் ஒரு போலராய்டையும் 45 பாகைக் கோணத்தில் ஒட்டினால் அது தயார். இந்நான்கின் வழியாகவும் ஒரே கற்றையை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, கடந்து வரும் செறிவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கற்றைக்குக் கிடைத்த அளவுகள் முறையே 50, 74, 68, 62.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் அளவை இரட்டித்தால் மொத்தச் செறிவு 100. மற்ற மூன்றையும் இரட்டித்து, ஒவ்வொன்றிலிருந்தும் அந்த 100ஐக் கழித்தால் 48, 36, 25 கிடைக்கும். ஆக, 100, 48, 36, 25 என்பவையே இந்தக் கற்றையின் ஸ்டோக்ஸ் எண்கள். வானியலாளர்கள் இவற்றை I, Q, U, V என்று எழுதுகிறார்கள்.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன? Q நேர்க்குறியில் இருந்தால் செங்குத்து அதிர்வைவிடக் கிடைமட்ட அதிர்வு ஓங்கியிருக்கிறது. எதிர்க்குறி என்றால் செங்குத்து ஓங்கியிருக்கிறது. U இதையே இரண்டு 45 பாகைச் சாய்வுகளுக்குச் சொல்கிறது. V வலஞ்சுழிக்கும் இடஞ்சுழிக்கும் உள்ள வேறுபாடு. 48, 36, 25 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 65 வரும். அதாவது இந்த ஒளியில் 65 விழுக்காடு ஒழுங்கானது, 35 விழுக்காடு ஒழுங்கற்றது. Q, U இரண்டிலிருந்தும் கோணத்தைக் கணக்கிட்டால், நீள்வட்டமாகச் சுழலும் அந்த ஒழுங்கான பகுதியின் நீள அச்சு கிடைமட்டத்திலிருந்து சுமார் 18 பாகை சாய்ந்திருப்பது தெரிகிறது. தொடக்கத்தில் பார்த்த பல்பின் ஒளிக்கு மூன்று எண்களுமே பூஜ்யம். சுழலும் ஒளிக்கு V மட்டும் மொத்தச் செறிவுக்குச் சமமாக, நேர்க்குறியிலோ எதிர்க்குறியிலோ நிற்கும். இரண்டும் பிரிந்துவிட்டன.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு விளக்குகளின் ஒளியைக் கலந்தால், அவற்றின் ஸ்டோக்ஸ் எண்களைக் கூட்டினாலே கலவையின் எண்கள் வந்துவிடும். வலஞ்சுழி ஒளியையும் இடஞ்சுழி ஒளியையும் சம அளவில் இப்படிக் கலந்தால் V அழிந்துபோகும்; கிடைப்பது பல்பின் ஒளியைப் போன்றதே. நான்கு எண்களும் ஒத்த இரண்டு கற்றைகளை எந்த வடிகட்டியை வைத்துச் செறிவை அளந்தாலும் பிரித்தறிய முடியாது என்று ஸ்டோக்ஸ் காட்டினார்.

அளப்பதில் சறுக்குவது பெரும்பாலும் நான்காவது வடிகட்டியில்தான். அதில் ஒளி முதலில் கால் அலைத் தகட்டின் மேல் பட வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் அது வெறும் போலராய்டாகவே வேலை செய்யும். V என்று நாம் எழுதுவது V ஆக இருக்காது. எல்.சி.டி. திரையின் ஒளி நேர்கோட்டுத் தளவிளைவு கொண்டது என்பதால் சோதனை எளிது. திரைக்கு முன்னால் வடிகட்டியை அதன் தளத்திலேயே சுழற்றிப் பாருங்கள். ஒளி மாறாமல் இருந்தால் பக்கம் சரி; இருண்டு இருண்டு வெளிச்சமானால் பக்கம் தவறு. கால் அலைத் தகடு ஓர் அலைநீளத்துக்கே துல்லியமானது, அதனால் நிறத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். இன்னொரு காவலும் உண்டு: ஒழுங்கான பகுதி 100 விழுக்காட்டைத் தாண்டவே முடியாது. கணக்கில் தாண்டினால், அளவீடுகளுக்கு இடையே விளக்கின் பிரகாசம் மாறியிருக்கும், அல்லது போலராய்டு தானே விழுங்கிய ஒளியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்போம்.

ஸ்டோக்ஸின் எண்களை இயற்பியலாளர்கள் நெடுங்காலம் அதிகம் கையாளவில்லை. 1940களில் அவற்றை வானியலுக்குள் கொண்டுவந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். வெப்பமான விண்மீனின் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒவ்வொரு சிதறலிலும் தளவிளைவு மாறுகிறது. பல திசைகளிலிருந்து வரும் ஒளி கலந்துகொண்டே இருக்கிறது. கூட்டினால் கூடும் எண்கள் இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. அவற்றை வைத்து, அத்தகைய விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளியில் 11.7 விழுக்காடு வரை நேர்கோட்டுத் தளவிளைவு இருக்கும் என்று அவர் கண்டார். 1950இல் வெளியான அவருடைய 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' நூலில் இது விரிவாக இருக்கிறது.

இந்த விளைவைத் தேடி, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களை வில்லியம் ஹில்ட்னரும் ஜான் ஹாலும் அளந்தார்கள். தளவிளைவு கிடைத்தது. ஆனால் அது மறைப்பு நேரத்தில் மட்டும் தோன்றவில்லை, எப்போதும் இருந்தது. காரணம் விண்மீன் அல்ல, வழியில் கிடந்த தூசு. நீள்வடிவத் தூசுத் துகள்களை நம் பால்வீதியின் காந்தப்புலம் ஒரே வாக்கில் திருப்பி வைத்திருக்கிறது; அவற்றைக் கடக்கும் ஒளி தளவிளைவு பெறுகிறது. இருவரும் 1949இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காந்தப்புலத்தின் திசையை வானியலாளர்கள் இன்று வரைபடமாக்குவது Q, U என்ற இரண்டு எண்களைக் கொண்டுதான்.