மும்மாதச் சீனிக் கணக்கும் மாறுபட்ட ஈமோகுளோபினும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்திலே நெருங்கி அமைந்த முஸ்லிம் ஊர்களில், நோன்பு மாதம் அண்மிக்கும்போது நீரிழிவுப் பிணியாளர் பலர் வைத்தியரை நாடுவர். நோன்பு நோற்கலாமா, நோற்பின் மருந்தின் அளவையும் வேளையையும் எவ்வாறு மாற்றுவது என்பனவே அவர் வினாக்கள். இவ்வாராய்வு நோன்பு தொடங்குதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமைகளின் முன்னரே நிகழ்தல் வேண்டுமென்பர். அப்போது வைத்தியர் நோக்கும் எண்களுள் ஒன்று, மக்கள் ‘மூன்று மாதச் சீனி’ என வழங்குவதும் அறிக்கையில் எச்.பி.ஏ.1சி எனக் குறிக்கப்பெறுவதுமாகிய விழுக்காடு. 2021ஆம் ஆண்டில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தார் வகுத்த நோன்பு வழிகாட்டலில் இவ்வெண் 7.5இற்குக் குறைந்தால் இடர்ப்புள்ளி இல்லை, 7.5 முதல் 9 வரை ஒரு புள்ளி; அதற்கு மேற்பட்டால் இரண்டு. வேறு பல காரணங்களும் உடன் எண்ணப்படுமாயினும் இவ்வெண்ணுக்குரிய மதிப்புப் பெரிது. அத்தகைய எண், சிலருடைய குருதியிலே உண்மையைக் கூறாது போதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் அவ்வெண் யாதென அறிதல் வேண்டும். செங்குழியத்தினுள்ளே நிறைந்திருக்கும் ஈமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆயது. வளர்ந்தோரிடத்து அவற்றுள் இரண்டு அல்பா, இரண்டு பீற்றா. பீற்றாச் சங்கிலியின் தலைப்பில் வலீன் என்னும் அமினோ அமிலம் உண்டு. குருதியில் உலவும் குளுக்கோசு, நொதியம் எதுவும் துணைசெய்யாமலே, அவ்வலீனோடு மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பின்னர் எளிதில் நீங்காது. செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், மொத்த ஈமோகுளோபினில் குளுக்கோசு ஏறியது எத்துணை விழுக்காடு என அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி புலனாகும். அவ்விழுக்காட்டை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால், டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் எனச் சராசரி குளுக்கோசு கிடைக்கும். 7 விழுக்காடு எனின் 154. 8 எனின் 183.

இக்கணக்கு வாய்திறவாமலே இரண்டு நிபந்தனைகளைக் கொண்டுள்ளது. ஈமோகுளோபின் யாவர்க்கும் பொதுவான ‘ஏ’ வகையினதாய் இருத்தல் வேண்டும். செங்குழியம் தனக்குரிய நாளளவும் வாழ்தல் வேண்டும். 2011இல் உலக சுகாதார நிறுவனம் 6.5 விழுக்காட்டை நீரிழிவை அறுதியிடும் எல்லையாக ஏற்றபோதும், அளவைப் பிறழச் செய்யும் நிலைமைகள் பிணியாளரிடத்து இல்லாதிருத்தலை ஒரு நிபந்தனையாக வைத்தது. எல்லை எண் எங்கும் பரவிற்று. நிபந்தனையை நினைவிற் கொண்டோர் சிலரே.

வியப்பு யாதெனின், இச்சோதனையே மாறுபட்ட ஈமோகுளோபின்களைத் தேடியதன் பயனாக வந்தது. தெகிரான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் ரக்பார் என்பார், குருதி மாதிரிகளை மின்புலத்தில் நகரவிட்டு அரிய ஈமோகுளோபின் வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். வேறுபாடாக நகர்ந்த ஒரு பகுதி கண்ணிற் பட்டது. அம்மாதிரிகளுக்குரியோர் நீரிழிவு உடையோர். பிற நீரிழிவாளரிடத்தும் அதுவே காணப்பட, 1968இல் அதனை வெளியிட்டார். ஆகவே பரம்பரை மாறுபாட்டையும் சீனியின் ஒட்டையும் ஒரே கருவி காட்டுவதும், ஒன்றை மற்றொன்றாக மயங்குவதும் தொடக்கத்திலேயே உள்ளன.

இலங்கையில் இம்மாறுபாடுகள் அரியன அல்ல. உலர்வலயத்தை மலேரியா நெடுங்காலம் ஆண்டது. 2016இலேயே நாடு மலேரியா அற்றதெனச் சான்று பெற்றது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் தலசீமியாப் பரம்பரையலகைப் பெற்ற காவியர் மலேரியாவால் மடிதல் குறைவாதலின், அவ்வலகு நிலைபெற்றது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, பீற்றாத் தலசீமியாவோடு ஈமோகுளோபின் ஈ என்பதும் இங்கு வழங்குவதையும், இரண்டும் ஒருவரிடத்தே கூடியமையும் நோய் இங்குள்ள கடுந்தலசீமியாவில் கணிசமான பங்கினது என்பதையும் காட்டிற்று. அரிவாட்கலத்துக்குரிய ஈமோகுளோபின் எஸ் சிறுதொகையினரிடத்து உண்டு. தென்னிந்தியாவின் நீலகிரிப் பழங்குடியினரிடத்து அது 1952இலேயே அறியப்பட்டது. கீழைக்கரையார் தாய்வழிக் குடி பார்த்து, ஒரே குடிக்குள் மணம் தவிர்ப்பர். ஆயின் பரம்பரையலகு குடியை அறியாது, தந்தைவழியும் வரும். மாமன் மகளை மணத்தல் குடிமுறைக்கு இசைந்ததாயினும், இருவரும் ஒரே பாட்டனின் அலகைச் சுமந்திருத்தல் கூடும்.

இனிப் பிழை நிகழும் வழி. அது இரு வகைப்படும்: ஒன்று கருவியின் மயக்கம், மற்றது குழியத்தின் ஆயுள்.

ஆய்வுகூடங்கள் பலவற்றில் ஈமோகுளோபின் வகைகளை மின்னேற்றத்தால் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முடியாக வரைந்து அளப்பர். குளுக்கோசு ஒட்டும்போது வலீனின் நேரேற்றம் குன்றுவதால் அவ்வீமோகுளோபின் முந்தி வெளிவரும். ஈமோகுளோபின் ஈயிலோ, பீற்றாச் சங்கிலியின் 26ஆம் இடத்துக் குளுத்தாமிக்கமிலம் நீங்கி லைசீன் புகுந்துள்ளது. எதிரேற்றம் போய் நேரேற்றம் வந்தமையால் அது பிந்தி வரும். அதனோடு குளுக்கோசு சேர்ந்தால், அவ்விணைப்பு எதிர்பாராத ஓரிடத்தில் வெளிப்பட்டு, சில கருவிகளில் சாதாரண ஏ வகையின் முடிக்குள்ளே கலந்துவிடும். வகுக்கும் தொகை பெருக, விடை குறையும். பிறபொருளெதிரியைக் கொண்டு அளக்கும் முறை வேறு: அது சங்கிலித் தலைப்பின் சில அமினோ அமிலங்களையே நோக்கும். ஆதலின் 26ஆம் இடத்து மாற்றம் அதற்குத் தடையன்று. 6ஆம் இடத்தில் மாற்றமுடைய எஸ் வகை சில தயாரிப்புகளுக்குத் தடையாகலாம். கருவி எது என அறியாது எண்ணை மட்டும் நோக்குதல் எத்துணைக் குறைபாடு என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது வகைப் பிழையைக் கருவியை மாற்றியும் நீக்கவியலாது. குழியம் 120 நாளுக்குப் பதில் அறுபது நாளில் அழியுமாயின், குளுக்கோசு ஒட்டுதற்குக் காலமே இல்லை. அளவை செம்மையானது, பொருளோ பிழையானது. வெறும் பீற்றாத் தலசீமியாக் காவியரிடத்து இக்குறைவு பெரும்பாலும் சிறிது. அதனைப் பெரிதாக்கி அச்சமூட்டுவது முறையன்று. ஈயும் பீற்றாத் தலசீமியாவும் கூடினோர், எஸ்ஸும் தலசீமியாவும் கூடினோர், அண்மையில் பிறர் குருதி ஏற்றப்பெற்றோர் ஆகியோரிடத்தே எண் முற்றாகப் பயனற்றுப் போகும். அரிவாட்கலக் காவியரைப் பற்றி 2017இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, சீனி ஒத்திருந்தும் அவரது விழுக்காடு ஏறக்குறைய 0.3 குறைந்திருந்ததைக் காட்டிற்று. எல்லைக்கு அருகில் நிற்போர்க்கு அச்சிறு வேறுபாடே போதும்.

விளக்கத்தின் பொருட்டு ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். சாய்ந்தமருதில் கடை நடத்தும் நாற்பத்தைந்து வயதினர், இளமையிலிருந்தே ‘இரத்தம் குறைவு’ எனக் கேட்டுப் பழகியவர், குருதி ஏற்றப்பெற்றதில்லை. நோன்புக்கு முன் பார்த்த மூன்று மாதச் சீனி 5.4. சூத்திரப்படி இது 108 சராசரிக்கு ஒக்கும். ஆயின் காலை வெறுவயிற்றில் 158, உண்டபின் 240, வீட்டுக் கருவியில் பல வேளையும் குத்திப் பார்த்த எண்களின் சராசரி 190. இச்சராசரிக்குரிய விழுக்காடு 8.2 ஆதல் வேண்டும். 5.4ஐ நம்பின் அவருக்கு இடர்ப்புள்ளி இல்லை, மருந்தும் கூட்டப்படாது, கண்ணும் சிறுநீரகமும் ஆண்டுக்கணக்கில் மறைவாக நலியும்.

இரண்டு எண்கள் இவ்வாறு முரணும்போது முழுக் குருதிக் கணிப்பை எடுத்து நோக்குதல் வேண்டும். அவருடைய ஈமோகுளோபின் 8.9 கிராம், செங்குழியம் மில்லிலீற்றரின் ஆயிரத்திலொரு பங்கில் 50 இலட்சம், குழியத்தின் சராசரிக் கனவளவு 62. குருதி குறைந்தும் குழியத்தின் எண்ணிக்கை குறையவில்லை என்பதே குறிப்பு. கனவளவை மில்லியன் கணக்கிலான எண்ணிக்கையால் வகுத்தால், 62ஐ 5ஆல் வகுக்க 12.4. இது 13இற்குக் கீழாயின் தலசீமியாப் பக்கமும், மேலாயின் இரும்புக் குறைபாட்டுப் பக்கமும் சாய்தல் வழக்கம். 1973இல் மென்ற்சர் கூறிய இவ்விதி ஐயத்தை எழுப்புவதற்கேயன்றி முடிவு கூறுதற்கன்று. முடிவு, ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காணும் சோதனையால் வரும். அதில் ஏ2 வகைக்குரிய இடத்தில் 52 விழுக்காடும், சிசுவுக்குரிய எஃப் வகை 45 விழுக்காடும் நிற்கின்றன. ஏ2 ஒருபோதும் இவ்வளவு மிகாது. அவ்விடத்து நிற்பது ஈ. சாதாரண ஏ வகையோ அவரிடத்து ஏறக்குறைய இல்லை. இல்லாத பொருளின் பங்கு எத்துணையெனக் கேட்டல் எவ்வாறு பொருந்தும்?

இதன் மறுதலையும் இதே கரையில் உண்டு. அதுவே மிகுதியும் காணப்படுவது. மருதமுனையில் ஒரு தாயை எண்ணுக. அடுத்தடுத்த பேறுகளால் இரும்பு குன்றியவர், ஈமோகுளோபின் 8.6, செங்குழியம் 39 இலட்சம், கனவளவு 72. வகுக்க 18க்கு மேல் வருகிறது. அவருடைய மூன்று மாதச் சீனி 6.6. எல்லையைக் கடந்ததால் நீரிழிவு எனப் பெயர் சூட்டி, குளிசை தொடங்கலாம். ஆயின் வெறுவயிற்றில் 98. 75 கிராம் குளுக்கோசு பருகி இரண்டு மணி கழித்து 134. இரண்டும் நீரிழிவுக்குரியன அல்ல. இரும்பு குறைந்தவிடத்துப் புதுக்குழியங்கள் குறைவாகவே பிறக்க, உலவும் குழியங்களின் சராசரி வயது மிகுவதால் குளுக்கோசு ஏறிய பங்கும் உயருமென்பர். இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் குளிசையை இவருக்குக் கொடுத்து நோன்பும் நோற்கவிட்டால், அஸர் தொழுகை வேளையில் வியர்த்து நடுங்கி மயங்கக்கூடும்.

உருப்பெருக்கியின் கீழ் இருவர் குழியங்களும் சிறியனவாய் வெளிறியே தோன்றும். ஒருவரிடத்து எண் தாழ்கிறது, மற்றவரிடத்து உயர்கிறது. ஆதலின் சிறு குழியத்தைக் கண்டவுடன் இரும்பு கொடுத்து மூன்று மாதச் சீனியையும் அப்படியே கொள்வது இருமுறை தவறுவதாகும். பெரிற்றின் என்னும் இரும்புச் சேமிப்பை அளந்து, குறைவெனின் இரும்பளித்து நிறைந்தபின் சோதனையை மீட்டும் செய்வதே தாய்க்குரிய வழி. எல்லை எண் அப்போது கீழிறங்கலாம்.

கடைக்காரருக்கோ எக்காலத்தும் அச்சோதனை உதவாது. குளுக்கோசின் வடிவத்தையே பற்றும் போரோனேற்று முறை, ஈ, எஸ் வகைகளால் மயங்காதெனினும் எஃப் மிக்கவிடத்துத் தாழ்வாகக் காட்டும், ஆயுட்பிழையையும் நீக்காது. அவர்க்கு வேண்டுவது செங்குழியத்தைச் சாராத அளவை. குருதிநீரின் அல்புமினில் ஒட்டிய குளுக்கோசு, அல்லது பிரக்டோசமின், முந்திய இரண்டு மூன்று கிழமைகளின் நிலையைக் காட்டும். சிறுநீரில் புரதம் கழிவோர்க்கும் ஈரல் நலிந்தோர்க்கும் அதுவும் பொருந்தாது. எஞ்சியது விரல்நுனிக் குருதி: வெறுவயிற்றில், உண்டு இரண்டு மணியில், நோன்பு மாதத்தில் ஸஹருக்கு முன், நண்பகலில், இப்தாருக்குச் சற்று முன், அதன்பின் இரண்டு மணியில். விரலிற் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாதென்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து; எழுபதுக்குக் கீழிறங்கினும் முந்நூற்றைக் கடப்பினும் நோன்பை விடுக்குமாறு மருத்துவ வழிகாட்டல் கூறும்.

ஈமோகுளோபின் பகுப்பு வாழ்நாளில் ஒருமுறை போதும், எண் மாறுவதன்று. அதன் விடையை சிகிச்சைப் புத்தகத்தின் முதற் பக்கத்திலே எழுதி வைத்தால், கல்முனையிலோ கொழும்பிலோ வேறு வைத்தியரைக் காணும்போதும் 5.4 என்ற எண் மீளவும் ஏமாற்றாது. அவர் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தலசீமியாவையோ ஈயையோ கட்டாயம் சுமப்பர். ஆதலின் மணம் பேசுமுன் அவர்க்கும் அச்சோதனை வேண்டும்.